பண்டிகைத் தள்ளுபடியும் கூப்பனும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபோது: ஒரு சேலைக் கடையின் கணக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ஒரு ஜவுளிக் கடையில் நான் கணக்குப் பார்க்கிறேன். கடையில் நேரடி விற்பனையோடு, வூகாமர்ஸில் இயங்கும் ஆன்லைன் விற்பனையும் உண்டு. ஆடித் தள்ளுபடி முடிந்து, தீபாவளிக்குச் சரக்கு இறங்கத் தொடங்கிய நேரத்தில், ஆடி மாத ஆன்லைன் பில்களை ஒவ்வொன்றாக அடக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மொத்த விற்பனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சில பில்களில் சேலையை விற்றதோடு, கையிலிருந்தும் பணம் போயிருந்தது. தீபாவளிக்கு முன் அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை, இதே நிலையில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

ஒரு பில்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விலைச் சீட்டில் 2,100 ரூபாய் போட்ட பருத்திச் சேலை அது. சேலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதால், வரி நீங்கலாக 2,000 ரூபாய்தான் கடைக்கு வரும். கொள்முதல் விலை, வரி நீங்கலாக, 1,200 ரூபாய். பண்டிகைத் தள்ளுபடி 20 சதவீதம் கழிந்து விலை 1,680 ஆனது. வாங்கியவர் புதிய வாடிக்கையாளர் என்பதால் WELCOME10 என்ற கூப்பனைப் போட்டார், 1,512 ஆனது. உறவினர் பரிந்துரையில் சேர்ந்ததால் அவர் கணக்கில் இருந்த பாயின்ட்டுகளுக்கு 100 ரூபாய் கழிந்தது. முன்கூட்டியே ஆன்லைனில் பணம் கட்டியதற்காக மேலும் 50 ரூபாய் குறைந்தது. கடைசியில் அவர் கட்டியது 1,362 ரூபாய்.

இந்த 1,362-ல் வரியை நீக்கினால் சுமார் 1,297 ரூபாய். அதிலிருந்து கொள்முதல் 1,200, கூரியரும் பெட்டியும் சேர்த்து 110, பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்துக்கு 2 சதவீதக் கட்டணமாக 27 ரூபாய் போனால், சேலைக்குச் சுமார் 40 ரூபாய் கைநஷ்டம். நான்கு சலுகைகளில் எதுவுமே தனியாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு சமயத்தில், வெவ்வேறு காரணத்துக்காக முடிவு செய்யப்பட்டது. நான்கும் ஒரே பில்லில் சந்திக்கும் என்று யாரும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கவில்லை.

முதலில் எல்லோருக்கும் தோன்றிய வழி, கூப்பன் அமைப்பில் இருக்கும் `Individual use only` என்ற கட்டத்தை டிக் செய்வது. இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அதை டிக் செய்து, அதே சேலையை அதே சலுகைகளோடு கூடையில் போட்டுப் பார்த்தார். தொகை அப்படியே 1,362 என்றுதான் வந்தது. காரணம் எளிது: அந்தக் கட்டம் ஒரு கூப்பனோடு இன்னொரு கூப்பன் சேர்வதை மட்டுமே தடுக்கும். பண்டிகைத் தள்ளுபடியை நாங்கள் பொருளின் விற்பனை விலையாகவே குறைத்துப் போட்டிருந்தோம். அது கூப்பன் அல்ல. பாயின்ட்டும் முன்பணக் கழிவும் தனித்தனிச் செருகுநிரல்கள் வழியாக வந்தன. எங்கள் அமைப்பில் அவையும் கூப்பன் அல்ல. நான்கில் ஒன்றுதான் கூப்பன் என்றால், கூப்பனைத் தனியாக நிற்கச் சொல்வதால் எதுவும் மாறப்போவதில்லை. ஆகவே ஒரு கடையில் எந்தக் கழிவு எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. அதைச் செய்யாமல் அமைப்புகளை மாற்றுவதில் பயன் இல்லை.

அடுத்து, ஒவ்வொரு சரக்குக்கும் 'கட்டுபடி விலை' ஒன்றைக் கணக்கிட்டோம். எந்தச் சலுகை எப்படிச் சேர்ந்தாலும், வாடிக்கையாளர் கட்டும் தொகை இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை அது. பலர் இதைக் கொள்முதல் விலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அது போதாது. கூரியரும் பெட்டியும், ஒரு சேலைக்குக் குறைந்தபட்சம் கடைக்கு நிற்க வேண்டிய தொகையும் அதில் சேர வேண்டும். வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் இந்த நிற்கும் தொகையிலிருந்துதான் போகின்றன என்பதால், முதலாளியோடு பேசிச் சேலைக்கு 150 ரூபாய் என்று வைத்தோம். வசூல் கட்டணம் விற்கும் விலையில் சதவீதமாகப் போவதால், அதைக் கூட்டலாகச் சேர்க்காமல் வகுத்தியில் கழிக்க வேண்டும். வகுத்தியில் உள்ள 1/1.05 என்பது விலையிலிருந்து 5 சதவீத வரியை நீக்குவதற்கு. தாளில் B2 கொள்முதல், C2 கூரியரும் பெட்டியும், D2 நிற்க வேண்டிய தொகை என்று வைத்துக்கொண்டால் சூத்திரம் இது:

```
=(B2+C2+D2)/(1/1.05-0.02)
```

1,200, 110, 150 ஆகியவற்றைப் போட்டால் விடை ஏறத்தாழ 1,566 ரூபாய். 2,100 ரூபாய்ச் சேலையில் எல்லாக் கழிவுகளும் சேர்ந்து 534 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று பொருள். அதாவது 25 சதவீதத்துக்குச் சற்று மேல். 20 சதவீதம் பண்டிகைத் தள்ளுபடி என்று பேனரில் போட்ட பிறகு, மீதி எல்லாச் சலுகைகளுக்கும் சேர்த்துக் கையில் இருப்பது 114 ரூபாய்தான். இந்த ஓர் எண் தெரிந்த பிறகு விவாதங்கள் மிகவும் சுருங்கிவிட்டன.

அந்த 114 ரூபாயைப் பங்கிடுவதில்தான் உண்மையான வேலை இருந்தது. WELCOME10 கூப்பனில் `Exclude sale items` என்பதை டிக் செய்தோம். இதனால் தள்ளுபடி விலையில் இருக்கும் பொருளுக்கு அது செல்லாது. கூடையில் தள்ளுபடி இல்லாத சேலையும் இருந்தால் அதற்கு மட்டும் கழிவு கிடைக்கும். தள்ளுபடி இல்லாத 2,100 ரூபாய்ச் சேலைக்கு 10 சதவீதம் கொடுத்தாலும் 1,890 வருகிறது, கட்டுபடிக்கு மிக மேலே. பண்டிகைச் சரக்குக்கென்று DEEPAM5 என்ற 5 சதவீதக் கூப்பனைத் தனியாக வைத்தோம். 1,680-ல் 84 ரூபாய் போய் 1,596. பாயின்ட்டையும் பில்லில் 5 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்த முடியாதபடி வைத்து, பண்டிகை நாட்களில் கூப்பன் அல்லது பாயின்ட், இரண்டில் ஒன்றுதான் என்று முடிவு செய்தோம்.

முன்பணக் கழிவான 50 ரூபாயைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். 1,596-ல் 50 போனால் 1,546, எல்லைக்குக் கீழே. எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. “வீட்டுல போய்ப் பணம் வாங்குற ஆர்டர் திரும்பி வந்தா, போக வர ரெண்டு கூரியர் காசும் நம்ம தலையிலதானே விழுது? முன்னாடியே கட்டுறவங்களுக்கு ஏதாவது கொடுக்கத்தான் வேணும்” என்றார். அவர் சொன்னது நியாயம். கணக்குப் போட்டு அதை 30 ரூபாயாகக் குறைத்தோம். 1,596-ல் 30 போனால் சரியாக 1,566. ஒரு சலுகையை முழுவதும் எடுப்பதா வைத்திருப்பதா என்று இழுபடுவதைவிட, மிச்சம் இருக்கும் இடத்துக்குள் அதைச் சுருக்குவது நல்ல வழி என்பதை இதில் கண்டேன்.

நிலையான தொகைக் கூப்பன் இன்னொரு வகைத் தொல்லை. 3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 300 ரூபாய் கழிவு என்று ஒன்று இருந்தது. இரண்டு தள்ளுபடிச் சேலைகள் 3,360. அதில் 300 போனால் சேலைக்கு 150 வீதம் பிரிந்து 1,530 ஆகிவிடும். அதனால் அதை 200 ரூபாயாக்கினோம். சேலைக்கு 1,580, எல்லைக்கு மேலே. இந்தக் கூப்பனோடு முன்பணக் கழிவு 30 ரூபாயும் சேரலாம், ஆனால் அது பில்லுக்கு ஒரு முறைதான் என்பதால் சேலைக்கு 15 ரூபாய் குறைந்து 1,565. ஒரு ரூபாய் வித்தியாசத்தை விட்டுவிட்டோம். ஒருவர் இரண்டு சேலை வாங்கி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், 1,680 முழுவதையும் திருப்பித் தராமல், அந்தச் சேலைக்குப் பிரிந்த கழிவு போக உள்ள 1,580-ஐத்தான் தர வேண்டும். பணம் திருப்பும்போது விலைப்பட்டியலைப் பார்க்காமல் பில்லில் அந்தச் சேலைக்கு எதிரே உள்ள தொகையைப் பார்க்கும்படி பணியாளர்களிடம் சொல்லிவைத்தோம்.

வரியிலும் ஒரு கவனம் தேவைப்பட்டது. ஜிஎஸ்டி சட்டத்தின் 15(3)ஆம் பிரிவின்படி, விற்கும் நேரத்திலோ அதற்கு முன்போ கொடுத்த கழிவு பில்லிலேயே காட்டப்பட்டிருந்தால், வரி போடும் மதிப்பில் அது சேராது. ஆகவே பாயின்ட்டைக் கழிவாக பில்லில் காட்டினால், வரியும் அதற்கேற்பக் குறையும். அதையே பணம் செலுத்திய முறை போலப் பதிந்தால், முழு விலைக்கும் வரி கட்ட வேண்டும். 84 ரூபாய்ப் பாயின்ட்டுக்கு 4 ரூபாய் கூடுதலாகப் போகும். சிறிய தொகைதான் என்றாலும், நாங்கள் கட்டுபடி விலையைக் கழிவு என்ற அடிப்படையில்தான் கணக்கிட்டிருந்தோம் என்பதால், பில்லும் அப்படியே வர வேண்டியிருந்தது.

பெயர் பெற்ற வேட்டி, உள்ளாடை வகைகளில் கடைக்குக் கிடைக்கும் லாப இடைவெளி மிகவும் குறைவு. அவற்றை `Exclude categories` வழியாக எல்லாக் கூப்பன்களிலிருந்தும் நீக்கிவிட்டோம். இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வாடிக்கையாளருக்கு இது எப்படித் தெரிகிறது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கூப்பன் செல்லாது என்று மட்டும் திரையில் வந்தால், ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். 'இந்தச் சேலை ஏற்கனவே தீபாவளி விலையில் உள்ளது. இதற்கு DEEPAM5 செல்லும்' என்று வரும்படி மாற்றச் சொன்னேன். கடைக்கு நேரில் வந்த ஓர் அம்மா கைப்பேசியைக் காட்டி, “தம்பி, போன வருஷம் ரெண்டும் கழிச்சீங்களே?” என்று கேட்டார். எது செல்லும், எது செல்லாது என்பது அவர் திரையிலேயே எழுதியிருந்ததால் விளக்குவது எளிதாக இருந்தது. அவரும் DEEPAM5 போட்டு வாங்கிக்கொண்டார்.

தீபாவளி முடிந்ததும் எல்லா பில்களையும் இறக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் கட்டுபடி விலையை வைத்து, அதற்குக் கீழே விற்றவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தோம். ஆன்லைனில், இரண்டு சேலை வாங்கிய பில்களில் வந்த அந்த ஒரு ரூபாய் தவிர எதுவும் இல்லை. கடையில் சில இருந்தன. கல்லாவில் “ரவுண்டா போட்டுக்கோங்க” என்று கேட்டவர்களுக்கு, ஏற்கனவே தள்ளுபடி போன பில்லில் கையால் இன்னும் கழித்திருந்தார்கள். இப்போது பில்லிங் மென்பொருளில் 20 ரூபாய்க்கு மேல் கையால் கழிக்க வேண்டுமானால் முதலாளியின் கடவுச்சொல் தேவைப்படும்.

பொங்கலுக்கு அதே வகைச் சேலை 1,260 ரூபாய் கொள்முதலில் வந்தது. சூத்திரத்தில் போட்டால் கட்டுபடி விலை 1,630 ஆகிறது. தீபாவளியில் வைத்த 20 சதவீதமும் 5 சதவீதக் கூப்பனும் சேர்ந்த 1,596 அதற்குக் கீழே. விலைச் சீட்டை ஏற்ற முதலாளிக்கு விருப்பம் இல்லை. அதனால் பண்டிகைத் தள்ளுபடியை 18 சதவீதமாக்கி, 5 சதவீதக் கூப்பனை வைத்துக்கொண்டு, முன்பணக் கழிவைப் பொங்கல் வரைக்கும் நிறுத்தியிருக்கிறோம்; விலை 1,636-ல் நிற்கிறது.