சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எழுதும்போது எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது, எதை விடுவது

சமூக மருத்துவத்தில் ஆய்வேடு எழுதும் ஜூனியர்கள் வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்புவார்கள். ஒரே கேள்வியை ஆராய்ந்த கட்டுரைகளை முறையாகத் தேடித் தொகுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்றால் நான் முதலில் திறப்பது சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் அட்டவணையைத்தான். யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அந்த எல்லைக்குள் நிற்கவேண்டும் என்ற பயத்தில், மாற்றக்கூடாத சொற்களை எல்லாம் மாற்றிவிடுகிறார்கள். விடவேண்டிய வாக்கியங்களோ உருமாறி உள்ளேயே இருக்கின்றன.

குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குத் துத்தநாகம் கொடுத்த ஆய்வுகளைத் தொகுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆய்வில் வயிற்றுப்போக்கு நின்றதற்கான அளவுகோல் 'கடைசி இளகிய மலத்துக்குப் பின் 24 மணி நேரம் இளகிய மலம் இல்லாதது'. இன்னொன்றில் 12 மணி நேரம். மூன்றாவதில் 'முதல் கெட்டியான மலம்'. ஜூனியர் மூன்றையும் தன் நடையில் 'வயிற்றுப்போக்கு சரியாக எடுத்த காலம்' என்று எழுதினால் ஒற்றுமை குறையும். ஆனால் மூன்றும் வெவ்வேறு அளவுகள் என்பது மறைந்துபோகும். பிறகு எல்லா ஆய்வுகளின் எண்களையும் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸில் முடிவுகள் ஏன் சிதறுகின்றன என்று தேடினால் காரணம் அட்டவணையில் இருக்காது. அளவுகோலின் வரையறையை மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள், பக்க எண்ணோடு. மருந்தின் அளவு, வயது வரம்பு, சேர்க்கை விதி எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. '6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாட்கள்' என்பதைச் சொல்ல வேறு அழகான வழி கிடையாது, தேடவும் வேண்டாம்.

ஆய்வின் சுருக்கத்தில் வரும் 'துத்தநாகம் நோய்க்காலத்தைக் கணிசமாகக் குறைத்தது, குழந்தைகள் நன்கு ஏற்றுக்கொண்டனர்' போன்ற வாக்கியம் வேறு வகை. அது ஆசிரியர்களின் தீர்ப்பு. சொல்லை மாற்றி எழுதினாலும் தீர்ப்பு அவர்களுடையதே. உங்கள் அட்டவணைக்கு வேண்டியது இரு குழுக்களின் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம், எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள் என்ற கணக்கு. கட்டுரையில் வாந்தி பதிவே இல்லையென்றால் 'பதிவு செய்யப்படவில்லை' என்று எழுதுங்கள், 'நன்கு ஏற்றுக்கொண்டனர்' என்று எழுதாதீர்கள்.

சார்பு அபாயத்தை மதிப்பிடும் இடத்தில் காக்ரேன் ரிவ்யூக்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முதலில் கட்டுரையின் சொற்களை மேற்கோளாகப் போட்டு, அடுத்து தம் கருத்தைத் தனியாக எழுதுவார்கள். 'குழந்தைகள் ராண்டமாகப் பிரிக்கப்பட்டனர்' என்பது மேற்கோள். 'வரிசை எப்படி உருவாக்கப்பட்டது என்று சொல்லவில்லை, எனவே தெளிவில்லை' என்பது கருத்து. இரண்டையும் கலந்து எழுதும்போதுதான் ராண்டம் என்ற ஒரு சொல்லுக்கே 'அபாயம் குறைவு' கிடைத்துவிடுகிறது.

எல்லா ஆய்வுகளுக்கும் உங்கள் வாக்கிய அமைப்பு ஒரே மாதிரி இருப்பதில் குற்றமில்லை. வாசகர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி.

இனி, எந்தத் தரவுத்தளங்களில் கட்டுரைகளைத் தேடினோம் என்று சொல்லும் தேடல் பகுதி. 'மெட்லைன், எம்பேஸ், சென்ட்ரல் ஆகியவற்றில் மொழிக் கட்டுப்பாடின்றித் தேடினோம், மேற்கோள் பட்டியல்களைப் பார்த்தோம், நிபுணர்களைத் தொடர்புகொண்டோம்.' இந்தப் பத்தி துறையில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. சொற்கள் ஒன்றாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே வேலையைச் செய்தவர்கள் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். செய்யாத வேலையும் கூடவே வந்துவிடுவதுதான் சிக்கல். எம்பேஸுக்குச் சந்தா வேண்டும், நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றில் அது கிடையாது.

பிற்சேர்க்கையைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். பப்மெட்டில் தேடியதாக முறைப் பகுதி சொல்லும், பிற்சேர்க்கையில் இருப்பதோ ஓவிட் என்ற வேறொரு தேடல் தளத்தின் எழுத்துமுறை:

```
exp Diarrhea/
(zinc adj3 supplement*).ti,ab.
```

பப்மெட்டில் இது இப்படி இருந்திருக்க வேண்டும்:

```
"Diarrhea"[Mesh]
zinc[tiab] AND supplement*[tiab]
```

இரண்டாவது வரி சரிநிகர் அல்ல. மூன்று சொல் நெருக்கம் என்ற கட்டுப்பாடு போய்விட்டது, அதனால் அதிகப் பதிவுகள் வரும். மாற்றியதைச் சொல்லிவிட்டால் போதும். அதேபோல, மொழிக் கட்டுப்பாடு இல்லை என்று எழுதிவிட்டுத் தேடலின் கடைசி வரியில் `english[la]` வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எங்கிருந்து எத்தனை பதிவுகள் வந்தன என்று காட்டும் பிரிஸ்மா வரைபடத்தில் எம்பேஸிலிருந்து வந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் அதுவும் காட்டிக்கொடுக்கும்.

ராண்டம் ஆய்வுகளைப் பிடிக்கும் காக்ரேன் வடிகட்டி போன்றவற்றை எழுத்துப் பிசகாமல் நகலெடுப்பதே சரி. சோதித்துப் பார்க்கப்பட்டது அந்த வடிவம்தான், சொல்லை மாற்றினால் அந்தச் சோதனை உங்கள் தேடலுக்குப் பொருந்தாது. எந்தப் பதிப்பு, எதற்கு மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இன்னொரு ரிவ்யூவின் தேடலைப் பெரும்பாலும் எடுத்தாண்டிருந்தால் அதைச் சொல்லி மேற்கோள் காட்டவேண்டும் என்று 2021இல் வந்த, தேடலை எப்படி எழுதவேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா-எஸ் வழிகாட்டி கேட்கிறது.

மேலே சொன்ன பத்தியை நான் இப்படித் திருத்திக் கொடுப்பேன்: 'பப்மெட், சென்ட்ரல் இரண்டிலும் தேடினோம், கடைசியாகத் தேடிய நாள் ஒவ்வொன்றுக்கும் பிற்சேர்க்கையில் உள்ளது. எம்பேஸ் அணுகல் இல்லை. ஆங்கிலக் கட்டுரைகளை மட்டும் எடுத்தோம். தேடல் சொற்கள் முந்தைய ரிவ்யூ ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டு, பப்மெட்டுக்கு ஏற்ப மாற்றப்பட்டன.' 'முந்தைய ரிவ்யூ ஒன்றிலிருந்து' என்ற இடத்தில் அதன் மேற்கோள் எண் வரவேண்டும். எம்பேஸ் ஏன் இல்லை என்று வைவாவில் கேட்பார்கள். குறைபாடுகள் பகுதியிலேயே அதற்கு ஒரு வரி எழுதிவைத்துவிடுங்கள்.