பல் டாக்டரிடம் போக நாங்கள் செய்த பட வரிசை

என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் உண்டு. சில சொற்கள்தான் பேசுவான், ஆனால் வாயால் சொல்வதைவிடப் படமாகக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வான். தயிர்சாதத்தை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. அப்படி அடக்குகிற பக்கத்தில், கீழ்க் கடைவாய்ப் பால்பல் ஒன்றில் பழுப்பாகக் குழி விழுந்திருந்ததைப் பல் தேய்த்துவிடும்போது பார்த்தேன். வீக்கம் இல்லை, ராத்திரி வலி என்று எழுந்திருக்கவும் இல்லை. அதனால் அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை இல்லை, தயார் செய்ய நேரம் இருந்தது. இந்த நேரம் இருந்ததுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

அவனுடைய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "பல் டாக்டர் அறையில் இவனுக்கு எது எது தாங்காது?" எல்லாமே தாங்காது என்றுதான் சொல்லத் தோன்றியது. அவர் விடவில்லை. விளக்கு, சத்தம், வாசனை, கையுறை, வாய்க்குள் தொடுவது, தலை பின்னால் சாய்வது என்று தனித்தனியாகப் பிரித்துக் கேட்டார். யோசித்துப் பார்த்தால், பளிச்சென்ற விளக்கு அவனுக்குப் பிரச்சினையே இல்லை, டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடித்து விளையாடுகிறவன். தலை சாய்வதுதான் முதல் எதிரி. தலைக்கு ஊற்றும்போது அண்ணாந்து பார்க்கச் சொன்னாலே கத்துவான். அடுத்தது மோட்டார் சத்தம். மூன்றாவது, உதட்டைச் சுற்றி யாராவது லேசாகத் தொடுவது. இந்த மூன்றுக்கு மட்டும் பயிற்சி போதும் என்று முடிவானதும் வேலை பாதியாகக் குறைந்தது. வேறொரு குழந்தைக்கு இந்தப் பட்டியல் முற்றிலும் வேறாக இருக்கும். கிராம்பு எண்ணெய் வாசனை ஒன்றே போதும், வாசலிலேயே திரும்பிவிடுகிற பிள்ளைகளும் உண்டு.

தொடுவதில் ஒரு விஷயம் எனக்குப் புதிது. மென்மையாக வருடினால் இவனைப் போன்ற குழந்தைகளில் பலருக்கு அதுதான் அதிகக் கூச்சம். அழுத்தித் தொட்டால் தாங்குவார்கள். அதனால் தோளில் தொடங்கி, தாடை, கன்னம், உதடு என்று வெளியிலிருந்து உள்ளே உறுதியாக அழுத்திக்கொண்டே வந்தோம். உதடு வரை பழகிய பிறகுதான் ஈறு. ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிலிருந்து பத்து வரை சத்தமாக எண்ணுவேன். பத்து என்றதும் கையை எடுத்துவிடுவேன். ஒரு பல் பாக்கி இருந்தாலும் எடுத்துவிடுவேன். இதில் நான் மிகக் கறாராக இருந்தேன். "இன்னும் கொஞ்சம்தான்" என்று ஒருமுறை நீட்டிவிட்டால் எண்ணிக்கைக்கு மதிப்பே போய்விடும். பத்தில் கண்டிப்பாக முடியும் என்று நம்பிய பிறகு, கையைத் தட்டிவிடாமல் எட்டு, ஒன்பது என்று அவனே முணுமுணுக்க ஆரம்பித்தான்.

சாய்வதற்குத் தலையணைகளைப் பயன்படுத்தினோம். என் மடியில் மூன்று தலையணை அடுக்கி, அதன்மேல் தலை வைத்துப் படுப்பான், கிட்டத்தட்ட உட்கார்ந்த மாதிரிதான். அது பழகியதும் ஒன்றை உருவிவிடுவோம். கடைசியில் தாத்தாவின் துணி சாய்வு நாற்காலிக்கு மாறினோம். நாற்காலி சாயும்போது கால் தரையிலிருந்து எழும்புகிற அந்தக் கணம்தான் அவனுக்குப் பயம். காலுக்கடியில் ஒரு முக்காலி வைத்ததும் சரியாகிவிட்டது. பிறகு டாக்டரிடமும் இதைச் சொல்லி, அவனை உட்கார வைப்பதற்கு முன்பே அங்கிருந்த நாற்காலியைச் சாய்த்து வைக்கச் சொன்னோம். ஏறிப் படுப்பது அவன் செய்கிற காரியம், அடியிலிருந்து நாற்காலி நகர்வது அவனுக்கு நடக்கிற காரியம். இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருந்தது.

சத்தத்துக்கு, எச்சில் உறிஞ்சும் குழாயின் ஓசையைக் கிளினிக்கிலேயே போனில் பதிவு செய்து வந்தேன். அவன் ரயில் பொம்மைகளை வரிசையாக அடுக்கும் நேரத்தில், பக்கத்து அறையில் மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுவேன். தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். காதைப் பொத்தினால் அளவு கூடிவிட்டது என்று பொருள், ஒரு படி குறைத்துவிடுவேன்.

இனி படங்கள். சில குழந்தைகளுக்குக் கோட்டோவியம் போதும், சிலருக்கு எழுத்தே போதும். இவனுக்குப் புகைப்படம்தான் வேண்டும், அதுவும் அந்த இடத்தின் புகைப்படம். ஏதோ ஒரு நாற்காலியின் படத்தைக் காட்டி, வேறு நிற நாற்காலியில் உட்காரச் சொன்னால் அவனைப் பொறுத்தவரை அது வேறு பொருள். அதனால் டாக்டரிடம் அனுமதி கேட்டு, நோயாளிகள் இல்லாத மதிய நேரத்தில் நான் மட்டும் போய்ப் படம் எடுத்தேன். வாசல், செருப்பு விடும் இடம், நீல நாற்காலி, வாய்க்கண்ணாடி, உறிஞ்சும் குழாய் என்று எடுத்தேன். டாக்டரை மாஸ்க் இல்லாமல் ஒன்று, மாஸ்க்கோடு ஒன்று என இரண்டு படம் எடுத்து அருகருகே ஒட்டினேன். முகம் பாதி மறைந்தால் அவனுக்கு அது தெரியாத ஆள்.

படங்களை உள்ளங்கை அளவுக்கு வெட்டி லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டி, நீளமான அட்டையில் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினோம். அட்டையின் அடியில் ஒரு உறை, அதன்மேல் 'முடிந்தது' என்று எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே படத்தைப் பிய்த்து உறைக்குள் போட வேண்டும். நாங்கள் எடுத்துப் போட்டால் பயனில்லை. மீதி எவ்வளவு இருக்கிறது என்பதை அவன் கை அறிய வேண்டும். எல்லாப் படங்களையும் ஒரே அட்டையில் வைத்தபோது பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டிலிருந்து நாற்காலி வரை ஓர் அட்டை, நாற்காலியில் நடப்பதற்கு இன்னொன்று என்று பிரித்ததும் சரியானது. கடைசிப் படம் எப்போதும் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நிற்கும் ரயில். நாற்காலியிலிருந்து இறங்கியதும் நேரே அங்கே போவோம். மழையோ, நேரமோ, எதைச் சொல்லியும் அதை மாற்றியதில்லை.

நிச்சயமாக நடக்கும் என்று தெரிந்ததை மட்டுமே ஒட்டினோம். நிச்சயமில்லாதவற்றுக்குக் கேள்விக்குறி போட்ட ஒரு மஞ்சள் அட்டை. அதை முதலில் வீட்டில், அவனுக்குப் பிடித்த மாற்றங்களுக்குப் பயன்படுத்தினோம். தோசைப் படத்தை எடுத்துவிட்டு மஞ்சள் அட்டையைக் காட்டினால் பூரி வரும். மாற்றம் என்றாலே கெட்டது என்று அவன் நினைக்காமல் இருக்கத்தான் இது. அப்புறம், "சொன்ன பேச்சு கேட்கலன்னா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்வேன்" என்று பாட்டி சொல்வதை நிறுத்தச் சொன்னோம். நாங்களும் "வலிக்காது" என்று சொல்லவில்லை. என்ன நடக்கும் என்பதை மட்டும் சொன்னோம்.

முதலில் போனபோது நாற்காலியில் ஏறி இறங்குவது மட்டும்தான் திட்டம். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கி, உள்ளே கூப்பிடும்வரை ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தோம். செருப்பைக் கழற்றினான், டாக்டரைப் பார்த்தான், படத்தை உறையில் போட்டான். நாற்காலியில் கை வைத்த நேரத்தில் பின்னறையில் கம்ப்ரஸர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. எங்கள் பட்டியலில் அது இல்லை. கால்விரல்களை மடக்கிக்கொண்டான், முனகல் வேகமானது, அடுத்த நொடி கதவருகே இருந்தான். டாக்டர் அவனைத் துரத்தவில்லை. கம்ப்ரஸரை அணைத்துவிட்டு, "நாற்காலியைத் தொடு கண்ணா, அவ்வளவுதான்" என்றார். மஞ்சள் அட்டையைக் காட்டினேன். வந்து ஒரு விரலால் தொட்டான், படத்தை உறையில் போட்டான், ரயில் பார்க்கப் போனோம்.

வெளியே வந்த பிறகு டாக்டர் காரணத்தைச் சொன்னார். கம்ப்ரஸர் தொட்டியில் காற்றழுத்தம் குறைந்தால் அதுவாகவே ஓடும், நிரம்பினால் அதுவாகவே நிற்கும். அதனால் அடுத்த முறையிலிருந்து நாங்கள் வருவதற்கு முன்பே தொட்டியை நிரப்பி, ஸ்விட்சை அணைத்து வைத்தார்கள். காற்றுப் பீய்ச்சும் கருவியும் துளைக்கும் கருவியும் வேண்டாத சிகிச்சைக்கு அந்த மோட்டார் ஓட வேண்டிய அவசியமே இல்லை.

சிகிச்சையும் அப்படிப்பட்டதாகவே அமைந்தது. சில்வர் டையமைன் ஃப்ளூரைடு என்ற திரவம், 38 சதவீதச் செறிவு. ஊசியும் இல்லை, துளைப்பதும் இல்லை. பஞ்சு உருளையால் பல்லை ஈரமில்லாமல் வைத்து, குட்டிப் பிரஷ்ஷால் ஒரு சொட்டைச் சொத்தையில் தடவி, சுமார் ஒரு நிமிடம் ஊற விட வேண்டும். சொத்தை பரவுவதை அது நிறுத்தும், பள்ளத்தை அடைக்காது. சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை டாக்டர் படத்தோடு காட்டி எங்கள் சம்மதம் கேட்டார். வலியோ சீழோ வந்து, நரம்பு வரை போன பல்லுக்கு இது உதவாது என்பதையும் தெளிவாகச் சொன்னார். கடைவாய்ப் பால்பல் கறுப்பாவது எங்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

இதற்காக இரண்டாவது அட்டையை மாற்றினோம்: உதட்டில் வாசலின், கண்ணாடி, பஞ்சு, பிரஷ், மணல் கடிகாரம், ரயில். திரவம் உதட்டில் பட்டால் சில நாள் கறை இருக்கும் என்பதால் வாசலின். பஞ்சு உருளைகள் சிலவற்றைக் கேட்டு வாங்கிவந்து, ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டு கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பத்து எண்ணும்வரை வைத்துப் பழக்கினோம். வறண்ட பஞ்சு வாயில் ஒட்டுவது அவனுக்குக் குமட்டலைத் தந்தது. ஈறு பயிற்சியைவிட இதற்கு அதிக நாள் பிடித்தது. ஒரு நிமிட மணல் கடிகாரம் பல் தேய்க்கும்போது ஏற்கெனவே பழகியதுதான்.

திரவம் தடவிய அன்று, எக்ஸ்ரேவுக்குப் போர்த்துகிற கனமான கவசத்தை டாக்டர் அவன் தொடையில் வைத்தார். வேண்டாமென்றால் அவனே தள்ளிவிடலாம். தள்ளவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண்ணாடியை முதலில் அவன் நகத்தில் தட்டிக் காட்டி, பிறகுதான் வாய்க்குள் கொண்டுபோனார். திரவத்தின் உலோகச் சுவை பட்டதும் முகம் சுளித்து எழப் பார்த்தான். டாக்டர் மணல் கடிகாரத்தைக் கண்ணுக்கு எதிரே பிடித்தார். மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மணல் தீர்ந்ததும் படத்தை அவனே பிய்த்தான்.

அடுத்த முறை பார்க்கையில் குழி கறுத்துக் கெட்டியாகியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். எக்ஸ்ரே மட்டும் இன்னும் எடுக்க முடியவில்லை, வாய்க்குள் வைக்கும் அந்தத் தகட்டைக் கடித்துத் துப்பிவிடுகிறான். எக்ஸ்ரே இல்லாமல் இரண்டு பல்லுக்கு நடுவே சொத்தை இருந்தால் தெரியாது. வலியோ வீக்கமோ வந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தகட்டின் அளவுக்கு ஒரு மாதிரி அட்டை தந்திருக்கிறார். இப்போது அதை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்து மூன்று வரை எண்ணுகிறோம். கிளினிக்கில் உதவிக்கு இருந்த பெண் மாறிவிட்டதால், அடுத்த வாரம் போய்ப் புதியவரை மாஸ்க்கோடும் இல்லாமலும் படம் எடுத்து வர வேண்டும்.