நீளம் பாய்தலும் சேரின் ஒற்றைச் சொல்லும்

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செயலாளர் கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டையும் பரிசளிப்பு விழாவையும் பற்றி மற்றவர்கள் எப்படியும் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன். எங்கள் விளையாட்டுச் சேர் நீளம் பாய்தல் பழக்கிய விதத்தை யாரும் எழுதமாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அவரிடம் பாய்ந்தவர்களில் பலர் இன்று கனடா, லண்டன் என்று இருக்கிறோம். நான் ஸ்காபரோவில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அதையே பழக்குகிறேன். அதனால் சேர் எப்போது வாய் திறந்தார், எப்போது திறக்கவில்லை என்பது எனக்கு இப்போதும் தேவைப்படுகிற விஷயம்.

மைதானத்தின் வடக்கு மூலையில் வேலிக்கு அருகே பாய்ந்து விழும் மணல் கிடங்கு இருந்தது. வேலிக்கு அப்பால் பனைகள். வெள்ளையடித்த மிதிபலகையை மண்ணில் பதித்திருப்பார்கள். பலகைக்கு அப்பால், கிடங்குப் பக்கமாக, சேர் ஒரு சாண் அகலத்துக்கு ஈரமணலைப் பரப்பி ஓட்டால் வழித்துவிடுவார். கால் பலகையைத் தாண்டினால் சப்பாத்து நுனியோ வெறுங்கால் விரலோ அதில் பதிந்துவிடும். பவுலா இல்லையா என்று அவர் சொல்லத் தேவையில்லை, மணலே சொல்லிவிடும்.

ஓடும்போது அவர் கத்தமாட்டார். மற்ற இல்லத்து மாஸ்டர்மார் பக்கத்தில் நின்று "எழும்பு! எழும்பு!" என்று குரல் கொடுப்பார்கள். பலகையில் கால் ஊன்றி எழும்புவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். காதில் ஒரு சத்தம் விழுந்து கால் அதற்கு அசையத் தொடங்கவே அவ்வளவு நேரமோ அதற்கு மேலோ போய்விடும். அந்த "எழும்பு" உடம்புக்குப் போய்ச் சேரும்போது பெடியன் ஆகாயத்தில் இருப்பான். கொஞ்சம் முன்கூட்டிக் கத்தினால் கடைசி இரண்டு எட்டிலும் கவனம் சிதறி ஓட்டம் குலையும். இரண்டும் வீண்.

பாய்ந்து விழுந்தவுடனும் பேசமாட்டார். அவன் கிடங்கை விட்டு வெளியே வந்து, மணலைத் தட்டி, நடந்து தன்னிடம் வரும்வரை காத்திருப்பார். பிறகு முதல் கேள்வி அவருடையதுதான்.

"எங்க மிதிச்சனீ?"

"பலகைக்கு வெளியால எண்டு நினைக்கிறன் சேர்."

"எவ்வளவு?"

"நாலு விரல் இருக்கும்."

"போய்ப் பார்."

போய்ப் பார்த்தால் ஒரு சாண் இருக்கும். ஆரம்பத்தில் எங்கள் ஊகங்கள் எல்லாம் இப்படித்தான் தவறும். ஆனால் மாசி மாத இல்லப் போட்டி நெருங்கும்போது, கால் ஊன்றிய அந்தக் கணத்திலேயே எங்கே மிதித்தோம் என்று ஓரளவு தெரியத் தொடங்கியிருந்தது. விழுந்த கையோடு விடையைச் சொல்லிவிட்டால் பாய்ந்தவன் தன் உடம்பு சொன்னதைக் கேட்கமாட்டான், சேரின் வாயைத்தான் பார்ப்பான். சில விநாடி இடைவெளியும், அவனே முதலில் மதிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தப் பழக்கத்தைத் தடுத்தன. போட்டி நாளில் கிடங்கருகே சேர் நிற்க முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி நெட்டையின் கதை. என் வகுப்புக்காரன், கால் நீளம், நல்ல ஓட்டக்காரன். பெயர் வேண்டாம், அவனும் இந்த மலரை வாசிப்பான். அவன் பாய்ச்சலில் பிழைகள் குவிந்து கிடந்தன. அடிக்கடி பவுல். கடைசி எட்டுகளில் குனிந்து பலகையைப் பார்ப்பான். கடைசி எட்டை எட்டி நீட்டி வைப்பான். ஆகாயத்தில் கால் முன்கூட்டியே கீழே விழும். மணலில் இருந்தபடி விழுந்து கையைப் பின்னால் ஊன்றுவான், அளப்பது அந்தக் கை பட்ட இடத்திலிருந்து என்பதால் ஓர் அடி போய்விடும். வரிசையில் நின்ற நாங்கள் ஆளுக்கொன்றாகச் சொல்வோம்: கையை முன்னால போடு, காலை நீட்டு, குனியாதே. பாவம், அவன் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு முன்னையிலும் மோசமாகப் பாய்வான்.

சேர் கிடங்கைப் பார்க்கவே இல்லை. பலகையிலிருந்து பின்னோக்கி நாலு எட்டுத் தூரத்தில், ஓட்டப்பாதை ஓரமாக ஒரு செங்கல் துண்டை வைத்து அதன் அருகே குந்தினார். நாலு என்பது இரட்டை எண். ஆகவே பலகையில் ஊன்றும் அதே கால்தான் அந்த அடையாளத்திலும் விழ வேண்டும். நெட்டை ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்தக் கால் செங்கல்லுக்கு முன்னே விழுகிறதா பின்னே விழுகிறதா என்று மட்டும் பார்த்தார்.

அதில் மூன்று விடைகள் வரலாம். செங்கல்லில் கால் சரியாக விழுந்தும் பவுல் வந்தால் பிழை கடைசி நாலு எட்டில் இருக்கிறது. செங்கல்லையும் பலகையையும் ஒரே அளவு தாண்டுகிறான் என்றால் ஓட்டம் சரி, தொடங்கும் கோடுதான் அந்த அளவு பின்னே போக வேண்டும். ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே என்று கால் அலைந்தால் பிழை தொடக்கத்தில் கிடக்கிறது. நெட்டைக்கு மூன்றாவது. ஒருநாள் நின்றபடி தொடங்குவான், அடுத்த முறை இரண்டு எட்டு நடந்துவிட்டு ஓடுவான். முதல் எட்டு மாறினால் பதின்மூன்றாவது எட்டு எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? அது தெரியாததால்தான் அவன் குனிந்து பலகையைத் தேடினான். தேடியதால் கடைசி எட்டை நீட்டினான். குனிந்தபடி எழும்பியதால் உடம்பு முன்பக்கம் சுழன்றது. நிலத்தை விட்டபின் அந்தச் சுழற்சியை யாராலும் இல்லாமல் செய்ய முடியாது, அதனால் கால் முன்கூட்டியே விழுந்தது. நாங்கள் கண்டுபிடித்த பிழைகள் எல்லாம் வால், தலை தொடக்கக் கோட்டில் இருந்தது.

சேர் சொன்னது ஒன்றே ஒன்று: "ரெண்டு காலும் கோட்டில. இடது கால் முதல்." ஒரு கிழமை போல அதற்குமேல் எதுவும் இல்லை. பாயவும் விடவில்லை. ஓடி, பலகையை மிதித்து, கிடங்குக்குள்ளால் ஓடிப் போ என்றார். செங்கல் அருகே கால் ஒழுங்காக விழத் தொடங்கியதும், எல்லா ஓட்டத்திலும் பலகையை ஒரு சாண் அளவு தாண்டுவது தெரிந்தது. அவனிடம் எதுவும் சொல்லாமல் தொடக்கக் கோட்டை ஒரு சாண் பின்னே அழித்துப் போட்டார். பவுல் பெருமளவு நின்றது. சொல்லாமலே திருத்தக்கூடிய பிழையைச் சொல்லித் திருத்துவது பெடியனின் மூளைக்குக் கூடுதல் சுமைதானே. வாடைக்காற்று எதிரே வீசும் நாட்களில் எட்டு குறுகும் என்று அதே கோட்டைக் கொஞ்சம் முன்னே கொண்டுவருவார், அதையும் பேச்சில்லாமல்.

அப்புறம்தான் பார்வை. "தலையை நிமிர்த்து, நெஞ்சை நிமிர்த்து, முழங்காலைத் தூக்கு" என்று உடம்பின் பாகங்களைச் சொல்லவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற ஒரு பனையைக் காட்டி, "வட்டைப் பார்த்துக்கொண்டு எழும்பு" என்றார். பனையின் தலையைப் பார்த்தால் கழுத்து நிமிரும், கழுத்தோடு நெஞ்சும் வரும். பிறகு அது ஒரு சொல்லாகச் சுருங்கியது. அவன் தொடக்கக் கோட்டில் நிற்கும்போது "வட்டு" என்பார், அவ்வளவுதான்.

இங்கே வந்து பயிற்றுநர் வகுப்புக்குப் போனபோது இதற்கு ஆய்வுகள் இருப்பது தெரிந்தது. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 120 மாணவர்களை நின்ற இடத்திலிருந்து நீளம் பாயவிட்டார்கள். பாதிப்பேருக்கு முழங்காலை இயன்றளவு வேகமாக நிமிர்த்தச் சொன்னார்கள். மற்றவர்களுக்குத் தொடக்கக் கோட்டிலிருந்து இயன்றளவு அப்பால் பாயச் சொன்னார்கள். கோட்டை நினைத்துப் பாய்ந்தவர்கள் சராசரியாக 10 சென்ரிமீற்றர் கூடப் பாய்ந்தார்கள். சொன்ன வசனம் மட்டும்தான் வேறு. உடம்புக்கு வெளியே ஓர் இலக்கைக் கொடுத்தால் கால்கள் தம் வேலையைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன.

இன்னொன்று, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சேர் கருத்துச் சொன்னதில்லை. கால் பலகையில் பட்டால் அல்லது அதற்கு நாலு விரல் பின்னே விழுந்தால் பேச்சே இல்லை. அதற்கு வெளியே போனால்தான் கூப்பிடுவார். ஆகவே அவர் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் என எங்களுக்குத் தெரியும். 1990இல் வந்த ஓர் ஆய்விலும், பயிற்சியின்போது பாதி முயற்சிகளுக்கு மட்டும் முடிவு சொல்லப்பட்டவர்கள், எல்லாவற்றுக்கும் சொல்லப்பட்டவர்களை விட மறுநாள் உதவியில்லாமல் நன்றாகச் செய்தார்கள். ஆனால் இதை நான் அளவோடுதான் எடுப்பேன். அது கையால் ஒரு நெம்புகோலைக் குறித்தபடி அசைக்கும் எளிய வேலை. நீளம் பாய்தல் போன்ற சிக்கலான திறனை இப்போதுதான் தொடங்கும் பிள்ளைக்கு அடிக்கடி சொல்லத்தான் வேண்டும், பழகப் பழகக் குறைக்கலாம்.

உடனே சொல்ல வேண்டியவையும் உண்டு. கை மணிக்கட்டைப் பின்னால் ஊன்றி விழுந்தால் முறியலாம், முழங்காலை விறைப்பாக வைத்து இறங்கினால் மூட்டு கெடும். அந்த இரண்டுக்கும் சேர் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுவார். களைத்த பெடியனைத் திருத்தவும் மாட்டார். முழு ஓட்டத்தோடு ஏழெட்டுப் பாய்ச்சலுக்குப் பின் வருகிற பிழை களைப்பின் பிழை. அதற்கு மருந்து வீட்டுக்குப் போவதுதான். போட்டி நாளில் புதிதாக ஒன்றுமே சொல்லமாட்டார். நெட்டைக்கு அந்த வருடம் மூன்றாமிடம் கிடைத்தது. விழும் விதம் பாதி தானாகவே திருந்தியிருந்தது, மீதியைப் போட்டி முடிந்த பிறகுதான் கையிலெடுத்தார்.

ஸ்காபரோவில் என் பிரச்சினை வேறு. பெற்றோர் எல்லாரும் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். பிள்ளை கிடங்கை விட்டு வெளியே வருமுன்னரே மெதுவாக ஓட்டிக் காட்டி, "அம்மா பாருங்கோ, கை எங்க போகுது, கால் எங்க போகுது" என்று தொடங்கிவிடுகிறார்கள். படம் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, சொன்னாலும் நடக்காது. கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு முதலில் பிள்ளையிடம் எங்கே மிதித்தாய் என்று கேட்கிறேன். பிறகு கடைசி இரண்டு எட்டை மட்டும் ஒரே தடவை காட்டுகிறேன், பார்க்க வேண்டியது எது என்று காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இங்கே பனை இல்லை. மைதானத்துக்கு அப்பால் ஒரு மின்விளக்குக் கம்பம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு என் சொல் "லைற்".