விளிம்பில் அறுபது கிலோ

பினாங்கில் எஸ்.டி.பி.எம். இயற்பியல் நடத்தும் எங்களுக்கு வட்ட இயக்கப் பாடம் வந்தாலே சுழலும் விண்வெளி நிலையக் கணக்கும் கூடவே வந்துவிடும். 200 மீட்டர் விட்டமுள்ள வளையம். அதன் விளிம்பில் நிற்பவருக்குப் பூமியில் இருக்கும் எடையே தெரிய வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று?

விளிம்பில் இருப்பவரின் உடல் நேர்கோட்டில் போகப் பார்க்கிறது. தரை அவரை மையத்தை நோக்கித் தள்ளி வளைத்துக்கொண்டே இருக்கிறது. காலடியில் உணரும் அந்தத் தள்ளல்தான் அங்கே எடை. அதனால் மையநோக்கு முடுக்கமான ω²r, பூமியின் ஈர்ப்பு முடுக்கமான 9.81-க்குச் சமமாக இருந்தால் போதும்; ω சுழலும் வேகம், r ஆரம். கணினித் தாளில் ஒரே வரி:

```
=SQRT(9.81/100)*60/(2*PI())
```

விடை 2.99. அதாவது ஏறக்குறைய 20 வினாடிக்கு ஒரு சுற்று.

விடைத்தாள்களில் அடிக்கடி பார்ப்பது 2.11. ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் வரும் எண் அது. பார்வைக்குப் பொருத்தமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது. அந்த வேகத்தில் சுழற்றினால் 60 கிலோ ஆள் ஏறும் தராசு சரியாகப் பாதி, 30 கிலோ காட்டும். கிடைத்த வேகத்தைத் திரும்ப ω²r-இல் போட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சுழற்சியில் 1 விழுக்காடு பிசகினால் எடையில் 2 விழுக்காடு பிசகும் என்பதும் அப்போது தெரிந்துவிடும். 9.81-ஆ, நம் ஊருக்குரிய 9.78-ஆ என்று சிலர் வாதாடுவார்கள். அதனால் சுழற்சி மாறுவது 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு, வாதம் வேண்டாம்.

ஆனால் 2.99 என்பது அசையாமல் நிற்பவருக்கான விடை மட்டுமே. பாடநூல் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகிறது. சுவையான பகுதி இதற்கு மேல்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

அந்த வளையத்தின் தரை வினாடிக்கு 31.3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 113 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பைவிடச் சற்றே அதிகம். சுழலும் திசையில் ஒருவர் வினாடிக்கு 1.5 மீட்டர் நடந்தால் அவருடைய மொத்த வேகம் 32.8. அதன் வர்க்கத்தை ஆரமான 100-ஆல் வகுத்தால் முடுக்கம் 10.77. நம் 60 கிலோ ஆளுக்கு இப்போது சுமார் 66 கிலோ கனம். திரும்பி எதிர்த்திசையில் நடந்தால் 54. சாதாரண நடைக்கே 12 கிலோ வித்தியாசம்! வளையத்தின் அகலவாக்கில், சுழல் அச்சுக்கு இணையாக நடந்தால் மட்டும் எடை மாறாது.

பந்தைக் கைவிட்டாலும் இதே கதைதான். ஒன்றரை மீட்டர் உயரத்தில் விட்ட பந்து, அந்த உயரத்துக்குரிய 30.9 மீட்டர் வேகத்தோடு நேர்கோட்டில் போகிறது. தரையைத் தொட 0.56 வினாடி ஆகிறது. அதற்குள் தரை கொஞ்சம் முந்திவிடுவதால், பந்து காலடியில் விழாமல் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் 17, 18 சென்டிமீட்டர் தள்ளி விழும். தேத்தாரிக் ஊற்றுபவர் அங்கே கோப்பையைத் தள்ளித்தான் பிடிக்க வேண்டும்.

உடலுக்குள்ளும் தொல்லை உண்டு. சுழலும் இடத்தில் தலையைச் சட்டென்று திருப்பினால் உள்காதில் உள்ள நீர்மம் குழம்பித் தலைசுற்றும், குமட்டும். அதனால் நிமிடத்துக்கு 2 சுற்றைத் தாண்டாமலிருப்பது பலரும் பின்பற்றும் எச்சரிக்கையான வரம்பு. 2 சுற்றில் முழு எடை வேண்டுமென்றால் ஆரம் 224 மீட்டர். 1 சுற்று போதுமென்றால் 895 மீட்டர். 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் வரைந்த பெரிய வளையத் திட்டம் ஏறக்குறைய இந்த அளவுதான். செவ்வாயின் எடை, அதாவது 0.38 மடங்கு போதும் என்பவர்களுக்கு 2 சுற்றில் 85 மீட்டரே போதும்.

இவ்வளவு பெரிய வளையம் எதற்கு, இரண்டு கலங்களைக் கேபிளால் கட்டிச் சுழற்றலாமே என்று வகுப்பில் யாராவது கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 1966-இல் ஜெமினி 11 விண்கலம் ஏஜினா கலத்தோடு சுமார் 30 மீட்டர் நாடாவால் இணைந்து மிக மெதுவாகச் சுழன்றும் பார்த்தது. ஆனால் ஆரத்தைக் கேபிளின் நடுவிலிருந்து அளக்கக் கூடாது. இரண்டின் பொது நிறை மையத்திலிருந்து அளக்க வேண்டும். ஆட்கள் இருக்கும் கலம் 20 டன், எதிர்முனையில் வெற்று ராக்கெட் 5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் நிறையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மையம் கனமான பக்கத்துக்கு நகர்ந்து, ஆட்களுக்குக் கேபிளில் ஐந்தில் ஒரு பங்கே ஆரமாகக் கிடைக்கிறது. அவர்களுக்கு 224 மீட்டர் வேண்டுமென்றால் கேபிள் 1,120 மீட்டர் இருக்க வேண்டும். இரு பக்கமும் 20 டன்னாக இருந்தால் 448 மீட்டரில் முடிந்துவிடும்.