விசாரணை அறைக்குத் துணையாகப் போகிறவர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தால், அவர் முதலில் போய் நிற்பது ஆபீஸ் கிராணியிடம்தான். "மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்கண்ணே, தொர விட்டுருவாரு" என்று கிராணி நல்ல மனதோடுதான் சொல்வார். அந்த இரண்டு வரிதான் பிறகு உள்விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதமாக மேசைக்கு வரும். அதனால், பதில் எழுதும் முன்பே தொழிற்சங்கப் பிரதிநிதி அந்தக் கடிதத்தைப் பார்த்தாக வேண்டும்.

செம்பனைக் குலை வெட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழுக்காத காய்க்குலை பதினொன்றை வெட்டினார், கேட்ட மேற்பார்வையாளரான மண்டோரைத் திட்டினார் என்று இரண்டு குற்றச்சாட்டு. கடிதத்தில் "பணி ஒழுங்கீனம்" என்று மட்டும் இருந்தால், எந்தத் தேதி, எந்தப் புளோக், யார் பார்த்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும். மண்டோரின் அறிக்கை, பழம் தரம் பார்த்த சீட்டு இரண்டுக்கும் நகல் வாங்க வேண்டும். விசாரணைக்காக அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி அது ஒரு வாரத்தைத் தாண்டக்கூடாது. அரைச் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால் பிடித்த சம்பளம் முழுவதும் திரும்ப வரும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

விசாரணை பெரும்பாலும் மலாயில் நடக்கும். நம் ஆளுக்குத் தமிழ்தான் சரளம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். "நீங்களே சொல்லிடுங்களேன்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறவரால் சாட்சி சொல்வதில் முரண் எங்கே என்று கவனிக்க முடியாது. விசாரணைக் குழுவில் உட்காருகிறவர்களில் யாராவது சம்பவத்தை நேரில் பார்த்தவராகவோ, முன்பே புலனாய்வு செய்தவராகவோ இருந்தால், தொடக்கத்திலேயே ஆட்சேபம் சொல்லி அதை விசாரணைக் குறிப்பில் எழுத வைக்க வேண்டும்.

மண்டோர் சாட்சி சொல்லும்போதுதான் பிரதிநிதியின் திறமை தெரியும். ஆனால் நிறைய பேர் இங்கேதான் தவறுகிறார்கள். கோபப்பட்டுச் சொற்பொழிவு நடத்தினால் குறிப்பில் ஒரு வரிகூட நமக்குச் சாதகமாக ஏறாது. சிறிய கேள்விகள் போதும். குலைகளை எங்கே பார்த்தீர்கள்? குலைகளைச் சேர்த்து வைக்கும் மேடையிலா, மரத்தடியிலா? காம்பில் இவருடைய நம்பர் எழுதியிருந்ததா? அதே மேடையில் வேறு யாருடைய குலையும் இருந்ததா? காலையில் பார்த்ததாக மண்டோர் சொல்ல, சீட்டில் மாலை நேரம் எழுதியிருந்தால், அந்த இடைவெளியில் குலைகள் யார் பொறுப்பில் இருந்தன என்று கேளுங்கள். பதில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்தப் பதில் குறிப்பில் ஏறினால் போதும்.

நம் ஆள் சொல்ல வேண்டியதை அவர்தான் சொல்ல வேண்டும். பிரதிநிதி அவருக்காகச் சாட்சி சொல்ல முடியாது. திட்டியது உண்மையென்றால் மறுக்கச் சொல்லாதீர்கள். இரண்டாவது குற்றச்சாட்டில் பொய் பேசியது தெரிந்தால் முதலாவதில் சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். எந்த வார்த்தையைச் சொன்னார், அதற்கு முன் மண்டோர் என்ன சொன்னார் என்பதை அப்படியே பதிய வையுங்கள். பிறகு தண்டனை பற்றிப் பேசும் கட்டத்தில் அவருடைய சேவைக் காலத்தையும், இதுவரை எச்சரிக்கைக் கடிதம் வாங்காததையும் வையுங்கள். 14ஆம் பிரிவு வேலைநீக்கம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பதவி இறக்கம் செய்யலாம், அதைவிடச் சிறிய தண்டனையும் தரலாம். சம்பளமில்லா நிறுத்தம் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும், பிள்ளைகளின் பள்ளியும் மாறும் என்பதை இங்கே சொல்லத் தயங்க வேண்டாம்.

முடிந்ததும் குறிப்பில் கையெழுத்துக் கேட்பார்கள். பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லக் கேட்டு, தவறைத் திருத்திய பிறகுதான் கையெழுத்து. இடைவேளையில் "நீயே ராஜினாமா எழுதிட்டுப் போயிடு, பேரு கெடாது" என்று யாராவது தனியாகக் கூப்பிட்டால் பிரதிநிதியும் கூடவே போக வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் அது கட்டாயத்தால் எழுதியது என்று நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில் விழும்.

வேலைநீக்கம் என்று முடிவு வந்தால், தொழில் உறவுத் துறையிடம் 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அது. கம்பெனிக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறோம், பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த 60 நாள் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே அதன் மூலையில் கடைசித் தேதியைப் பேனாவால் எழுதி வைத்துவிடுவது நல்லது.