உறவுக் கோட்பாடுகள் வினா: மார்க் எங்கே போகிறது?

ரிசல்ட் வந்த பிறகு விடைத்தாள்களைப் பார்த்தால், உளவியல் பாடத்தில் உறவு ஏன் நீடிக்கிறது என்ற வினாவில் பலர் சறுக்கியது ஒரே இடத்தில்தான்: "திருப்தி இருந்தால் உறவு நீடிக்கும்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். உறவை லாப நட்டக் கணக்காகப் பார்க்கும் சமூகப் பரிமாற்றக் கோட்பாட்டின் வெகுமதி, செலவு, லாபம் எல்லாவற்றுக்கும் வரையறை எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம், இரண்டு வரி போதும்.

அந்தக் கோட்பாட்டில் திபோ, கெல்லி (1959) தந்த இரண்டு அளவுகோல்களைப் பிரித்து எழுதுவதுதான் என் கணக்கில் பாதி விடை. முதலாவது, உறவில் இவ்வளவாவது கிடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. திருப்தியை நிர்ணயிப்பது இது. இரண்டாவது, இதை விட்டால் கிடைக்கக்கூடியதில் சிறந்தது. இதுதான் சார்ந்திருப்பதை நிர்ணயிக்கிறது. தனியாக இருப்பதும் இந்தக் கணக்கில் ஒரு மாற்றுதான். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எண் வைத்துக் காட்டினால் விடை சுருங்கும். ஒருத்திக்கு உறவில் கிடைப்பது 4, எதிர்பார்ப்பு 6, மாற்று 2. அவளுக்குத் திருப்தி இல்லை, ஆனாலும் விலக மாட்டாள். இன்னொருவனுக்குக் கிடைப்பது 8, எதிர்பார்ப்பு 6, மாற்று 9. திருப்திதான், ஆனால் உறவு ஆட்டம் காண்கிறது.

உறவில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கும் ஈக்விட்டி கோட்பாட்டில் கவனிக்க வேண்டியது, கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதம். ஒருவர் 6 கொடுத்து 3 பெறுகிறார், துணை 10 கொடுத்து 5 பெறுகிறார் என்றால் அளவு வேறு, விகிதம் ஒன்று. ஆகவே நியாயமான உறவு. குறைவாகப் பெறுபவருக்குக் கோபம் வரும். அதிகமாகப் பெறுபவருக்குக் குற்ற உணர்வு வரும். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

சரி, துன்பம் தரும் உறவிலும் ஏன் இருக்கிறார்கள்? இங்கேதான் ரஸ்பல்ட்டின் முதலீட்டு மாதிரி. திருப்தி, மாற்று வழிகள், முதலீடு மூன்றும் சேர்ந்து பற்றுறுதியை, அதாவது உறவைத் தொடர வேண்டும் என்ற உறுதியை, நிர்ணயிக்கின்றன. உறவு நீடிப்பது அந்தப் பற்றுறுதியால். விலகினால் இழக்கப்போகும் காலம், பொதுவான நண்பர்கள், சேர்ந்து வாங்கிய வீடு எல்லாமே முதலீடு. வன்முறைக்கு ஆளாகிக் காப்பகம் வந்த பெண்களை ரஸ்பல்ட்டும் மார்ட்ஸும் ஆராய்ந்தார்கள் (1995). மாற்று குறைவாகவும் முதலீடு அதிகமாகவும் இருந்தவர்களிடம் பற்றுறுதி அதிகம். திரும்பிப் போக வாய்ப்பு அதிகம் இருந்ததும் அவர்களுக்கே. திருப்தியை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

அதற்காகத் திருப்தியைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. லீ, ஆக்னியூ 2003-இல் 52 ஆய்வுகளைத் தொகுத்தபோது பற்றுறுதியோடு திருப்திக்கு இருந்த தொடர்புதான் வலுவானது: சுமார் 0.68. மாற்றுகளுக்கு -0.48, அதாவது மாற்று நன்றாக இருந்தால் பற்றுறுதி குறைவு. முதலீட்டுக்கு 0.46.

மதிப்பீட்டுக்கு இரண்டே போதும்:
- இவை பெரும்பாலும் தொடர்பு எண்கள், எது காரணம் எது விளைவு என்று காட்டாதவை. பற்றுறுதி உள்ளவர்தான் அதிகம் முதலீடு செய்கிறாரோ என்ற கேள்வி திறந்தே இருக்கிறது.
- கிளார்க், மில்ஸ் சொல்வதுபோல் நெருக்கமான உறவில் பலர் கணக்கே வைப்பதில்லை. மனம் கசந்த பிறகுதான் கணக்குப் பார்க்கிறார்கள் என்றால், கோட்பாடு காரணத்தையும் விளைவையும் மாற்றி வைத்திருக்கலாம்.