முற்பணப் பட்டியலும் ஒரு சிசியும்

அக்டோபர் 13, திங்கள்

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். ஹட்டன் பக்கம் காலையிலிருந்து மழை. தோட்ட ஆபிஸில் எல்லோருக்கும் ஒரே வேலை, தொழிலாளர்களின் பண்டிகை முற்பணம். மூன்று மணிக்கு கணக்குப் பகுதி அண்ணனிடமிருந்து ஒரு மெயில் வந்தது, சிசியில் மனேஜர்.

"பல தடவை கேட்டும் கீழ்ப்பிரிவின் முழுப் பட்டியல் இன்னும் கிடைக்கவில்லை. தொழிலாளர்கள் இந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும் என்று நம்புகிறேன். சேரின் தகவலுக்காகப் பிரதி இடுகிறேன்."

வாசித்ததும் கை நடுங்கியது. பட்டியலை 8ஆம் திகதி காலையே அனுப்பிவிட்டேன். அதில் மூன்று பேருக்கு மட்டும் தொகை போடாமல், போன வருட முற்பணத்தில் அவர்களுக்குப் பாக்கி உண்டா என்று அவரிடமே கேட்டிருந்தேன். மூவரும் ஜூலையில் மேற்பிரிவிலிருந்து மாறி வந்தவர்கள். முற்பணத்தை மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கும் பதிவு அவரிடம்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பெறுநர் இடத்தை மட்டும் காலியாக விட்டேன், தவறிப்போய் அனுப்பிவிடக் கூடாதே. "8ஆம் திகதி மெயிலை நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது" என்று தொடங்கியது என் பதில். அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக அந்த "போலிருக்கிறது" வரியை எடுத்தேன். அவர் குத்தினார், நானும் குத்தினேன் என்று ஆகிவிட்டால் சேர் கண்ணில் படுவது இரண்டு பேரின் சண்டைதான். பட்டியல் படாது. சேர் மெயில் பார்ப்பது மலையில் நிற்கும்போது, போனில். முதல் இரண்டு வரிக்குள் விஷயம் வந்தாக வேண்டும்.

பக்கத்து மேசை அக்கா, "தாமதத்துக்கு மன்னிக்கவும்னு ஒரு வரி போட்டுடு, பிரச்சினை முடிஞ்சிடும்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. நான் தாமதிக்கவில்லை. எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் தாமதம் என்னுடையது என்று அங்கேயே பதிவாகிவிடும். நாளைக்கு அந்த மூன்று குடும்பத்துக்குப் பணம் பிந்தினால் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

சேரை சிசியிலிருந்து எடுக்கலாமா என்றும் யோசித்தேன். எடுத்தால் அவர் கையில் இருப்பது குற்றச்சாட்டு மட்டும்தான், பதில் இல்லை. அதனால் இந்த ஒரு தடவை எல்லோருக்கும் போகட்டும் என்று முடிவெடுத்தேன். அனுப்பியது இதுதான்:

"வணக்கம். கீழ்ப்பிரிவுப் பட்டியலை அக்டோபர் 8 காலை அனுப்பியிருந்தேன். அதை மீண்டும் இணைத்திருக்கிறேன். மூன்று பேரின் தொகை மட்டும் நிரப்பப்படவில்லை. போன வருடப் பாக்கி விபரம் உங்கள் கழிவுப் பதிவில் இருப்பதால் அன்றே கேட்டிருந்தேன். அதை இன்று 12 மணிக்குள் தந்தால் 3 மணிக்கு முடிந்த பட்டியலைத் தருவேன். மற்றவர்களின் பணத்தை இப்போதே ஒதுக்கத் தொடங்கலாம்."

"பல தடவை" என்பதற்கும் "நம்புகிறேன்" என்பதற்கும் நான் பதிலே சொல்லவில்லை. திகதி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். 8ஆம் திகதி மெயிலுக்கே ரிப்ளை ஆல் கொடுத்து, சேரின் பெயரைச் சேர்த்து அனுப்பினேன். கீழே அந்தப் பழைய மெயில் திகதியோடும் நேரத்தோடும் இருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: ரிப்ளை கொடுக்கும்போது பழைய இணைப்பு கூடவே போகாது. பட்டியலை மறுபடி இணைக்காமல் "இணைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

பதினொரு மணிக்கு சேரிடமிருந்து ஒரே வரி: "மூன்று பேரின் பாக்கி விபரத்தையும் இன்றே கொடுக்கவும்." பன்னிரண்டுக்குள் விபரம் வந்தது. இரண்டு பேருக்குப் பாக்கி இல்லை. ஒருவருக்குக் கடைசி இரண்டு தவணை நிற்கிறது. மூன்று மணிக்குள் பட்டியலை அனுப்பி முடித்தேன். "நன்றி, கிடைத்தது" என்று அண்ணனுக்கு மட்டும் ஒரு வரி. அதற்கு சேர் தேவையில்லை.

அக்டோபர் 15, புதன்

தேநீர் நேரத்தில் அண்ணனுக்கு கோல் எடுத்தேன். இதை மெயிலில் பேசினால் இன்னொரு சங்கிலிதான் வளரும்.

"அண்ணா, பட்டியல் பிந்துதுன்னு தெரிஞ்சா முதல்ல எனக்கு ஒரு கோல் குடுங்க. அதுக்கப்புறமும் நான் செய்யலன்னா சேருக்குப் போடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், கொழும்பிலிருந்து தன்னை நெருக்கினார்கள், என் கேள்வி பட்டியலுக்கு அடியில் இருந்ததால் பார்க்கவில்லை என்றார். சரி, இருக்கலாம். ஆனால் "பல தடவை" என்று எழுதியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மெயிலில் இழுக்க மாட்டேன். இரண்டு மெயிலையும் அச்செடுத்துக்கொண்டு சேரை நேரில் பார்ப்பேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கீழ்ப்பிரிவில் இன்று பணம் கொடுத்தாயிற்று, அந்த மூன்று பேருக்கும் சேர்த்து. தவணை நிற்கிறவருக்கு அதைக் கழித்துக் கொடுத்தோம். ஏன் குறைகிறது என்று கேட்டார், பதிவைக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசிப் பட்டியலில் கேள்விகளை மெயிலின் முதல் வரியிலேயே எழுதுவதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அன்றன்றே பதில் போடுவதாக அவரும் ஒத்துக்கொண்டார்.